தாய்மொழியில் தொடங்குவோம், ஆங்கிலத்தையும் பெறுவோம்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில், பெற்றோர் நம்மிடம் ஆண்டுதோறும் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கூற முற்படுகிறோம். "பிள்ளையைத் தமிழ்வழியில் போடுவதா, இங்கிலீஷ் மீடியத்தில் போடுவதா?" என்பதே அக்கேள்வி. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அதன்பின் இக்கேள்வி பணம் படைத்தோருக்கு மட்டும் உரியதாக இல்லை. கூலி வேலைக்குப் போகும் தாயும் ஜூன் மாதத்தில் பள்ளி வாசலில் நின்று இதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ஜூன் மாதத்தில் செங்கற் சூளையில் வேலை பார்க்கும் தந்தை ஒருவர் வந்தார். தமிழ்ப் பிரிவில் சேர்க்கலாமே என்றோம். அவர் அமைதியாகக் கேட்டார்: "அய்யா, தமிழ் படி, தமிழ் படின்னு சொல்றவங்க புள்ளைங்க எல்லாம் எங்க படிக்குது? நாங்க மட்டும்தான் தமிழக் காப்பாத்தணுமா?"

அக்கேள்வியை அறியாமையால் எழுந்தது என்று நாம் ஒதுக்கிவிடவில்லை. அதில் நியாயம் உண்டு. நம் மக்களுக்குக் கல்வியே மறுக்கப்பட்ட காலம் இருந்தது. பிறகு கல்வி கிடைத்தபோதும், உயர் பதவிக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய மொழி ஆங்கிலமாக இருந்தது. அம்மொழியைப் பெற்றவர் முன்னேறினர். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை 1936இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். ரெட்டைமலை சீனிவாசன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் சார்பாக அமர்ந்தார். எனவே ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. அப்படி எவரேனும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அதே பெருமக்களின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. ரெட்டைமலையார் 1893இல் 'பறையன்' இதழைத் தமிழில் நடத்தினார். அம்பேத்கர் 1920இல் தொடங்கிய 'மூக்நாயக்' மராத்தி இதழ். இரு மொழியும் அவர்கள் கையில் இருந்தன. நம் பிள்ளைகளுக்கும் இரண்டும் வேண்டும். ஆங்கிலம் வேண்டுமா என்பதில் நமக்கு ஐயமில்லை. எதை முதலில் வைப்பது, எதன்மேல் எதைக் கட்டுவது என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

படித்தல் என்னும் செயல்

ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. அதன் காதில் ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்கின்றன. வாக்கியத்தை எப்படி அமைப்பது, எப்படிக் கேட்பது, எப்படி மறுப்பது என்பதெல்லாம் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அதற்குத் தெரியும். பள்ளி புதிதாகத் தருவது எழுத்து ஒன்றைத்தான்.

எழுத்தைப் படிப்பது எப்படி நிகழ்கிறது? 'ம', 'ர', 'ம்' என்ற மூன்று எழுத்துகளைக் குழந்தை தட்டுத்தடுமாறிக் கூட்டுகிறது. வாய்க்குள் 'மரம்' என்ற ஒலி எழுந்தவுடன், தெருக்கோடியில் நிற்கும் மரம் அதன் மனத்தில் தோன்றுகிறது. "ஆ, மரம்!" என்று முகம் மலர்கிறது. எழுத்து ஒலியாகிறது, அந்த ஒலி முன்பே தெரிந்த ஒரு சொல்லைச் சென்று தட்டுகிறது. படித்தல் என்பது இவ்வளவே. 'மறம்' என்று தவறாக ஒலித்தாலும், அத்தகைய சொல் தன் காதில் இல்லாமையால் குழந்தை தானே நின்று திருத்திக்கொள்ளும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் இந்தத் திருத்தம் நடக்கும்.

இப்போது அதே குழந்தையின் முன் அதற்குத் தெரியாத மொழியின் எழுத்தை வைப்போம். பயிற்சியால் அது ஒலியை எழுப்பிவிடும். ஆனால் அந்த ஒலி தட்டுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. சரியாகப் படித்தோமா, தவறாகப் படித்தோமா என்பதை அறியவும் அதற்கு வழியில்லை. ஆசிரியரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாளடைவில் அக்குழந்தை, படிப்பு என்றால் ஒலி எழுப்புவது மட்டுமே என்று முடிவு செய்துவிடுகிறது. பின்னால் வரும் பல இடர்களுக்கு மூலம் இம்முடிவே.

ஆங்கில எழுத்து இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. 'ஏ' என்னும் ஓர் எழுத்து பூனையைக் குறிக்கும் சொல்லில் ஒருவாறும், பந்தைக் குறிக்கும் சொல்லில் வேறோர் வாறும், முகத்தைக் குறிக்கும் சொல்லில் மற்றொரு வாறும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே இதற்குத் திணறுகின்றனர். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பிள்ளைகள் படிக்கக் கற்கும் வேகத்தை ஒப்பிட்டது. எழுத்தும் ஒலியும் ஒத்துவரும் மொழிகளின் பிள்ளைகள் ஓராண்டில் அடையும் நிலையை எட்ட, ஆங்கிலப் பிள்ளைகளுக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்று அது கண்டது. அம்மொழியைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்க்கே இந்நிலை என்றால், கேட்டறியாத நம் பிள்ளைக்கு எவ்வாறிருக்கும்?

தமிழ் எழுத்தும் ஒரே நாளில் வந்துவிடாது என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். 247 எழுத்துகள் என்ற எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அவை உயிரும் மெய்யும் சேர்ந்த சேர்க்கைகளே. எனினும் 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. 'கு', 'சு', 'டு', 'து' ஆகியவற்றில் உகரக் குறி ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம் கொள்கிறது. இவை முழுவதும் கைவர இரண்டு ஆண்டுகள் ஆகலாம். ஆனால் முதல் வாரத்திலிருந்தே குழந்தை பொருளோடு படிக்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி எம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அதுவரை அவள் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். கட்டணம் கட்ட இயலாமல் இங்கு அழைத்து வந்தனர். பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டையில் எல்லாப் பாடங்களிலும் 80க்கு மேல் இருந்தது. தாய்க்கு அதில் பெருமை. நாங்களும் முதலில் அதை நம்பினோம்.

கிணற்றில் விழுந்த நாயைச் சிறுவன் ஒருவன் கயிறு விட்டுக் காப்பாற்றும் ஆங்கிலக் கதையைப் படிக்கச் சொன்னோம். ஏழெட்டு வரிகள். தடையின்றி, அழகாகப் படித்தாள். "கதையில் என்ன நடந்தது? நம் பேச்சிலேயே சொல்லு" என்றோம். பேசவில்லை. "கிணற்றில் விழுந்தது யார்?" என்றபோது, கதையின் முதல் வரியைத் திரும்ப ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். அவளுக்குத் தெரிந்த சொல் நாயைக் குறிப்பது ஒன்றுதான்.

அப்படியானால் 80 மதிப்பெண் எப்படி வந்தது? கேள்வியில் உள்ள ஓரிரு சொற்கள் பாடத்தின் எந்த வரியில் வருகின்றன என்று தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவாள். விடை சரியாக இருக்கும். பொருள் தெரியவேண்டிய தேவையே எழவில்லை. இதை அவள் ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை. அறிவுள்ள குழந்தை, தன்னிடம் உள்ளதைக் கொண்டு கண்டுபிடித்த வழி அது. அந்த வழி நான்காம், ஐந்தாம் வகுப்புவரை நடக்கும். அறிவியலும் சமூக அறிவியலும் விரியும் ஆறாம் வகுப்பில் அது அறுந்துவிடும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று கெட்டுவிட்டதாகப் பெற்றோர் அப்போது எண்ணுவர்.

அடுத்து ஒரு கணக்குக் கொடுத்தோம். 12 பொருள்களில் 5 விற்றுப்போனால் மீதி எத்தனை என்பது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்து 17 என்று எழுதினாள். இரண்டு எண்களைக் கண்டாள், கூட்டிவிட்டாள். மீதி என்ற பொருளில் அக்கணக்கில் 'லெஃப்ட்' என்ற சொல் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டோம். இடக்கையை உயர்த்திக் காட்டினாள்! உடற்பயிற்சி வகுப்பில் அவள் கற்றது அதுதான். பிறகு அதே கணக்கை வாயால் கேட்டோம்: "உங்க ஆயா 12 கட்டுக் கீரை எடுத்துக்கினு போச்சு. 5 கட்டு வித்துப் போச்சு. மீதி எத்தினி?" நாம் வாய் மூடுமுன் "ஏழு சார்" என்றாள். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்கு அவளை வந்து சேரவில்லை.

தமிழில் எழுத்துகளின் பெயர் தெரிந்திருந்தது. கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. ஆகவே எட்டு வயதில் எந்த மொழியிலும் பொருளோடு படிக்க இயலாத நிலை. இரண்டு மொழியும் கிடைக்கும் என்று எண்ணி அனுப்பிய பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். நாள்தோறும் மதிய உணவுக்கு முன் 20 நிமிடம் ஒதுக்கினோம். அகர வரிசையில் தொடங்காமல், 'ட', 'ப', 'ம' என்ற மூன்று எழுத்துகளையும் மெய்ப்புள்ளியையும் எடுத்துக்கொண்டோம். அவற்றாலேயே படம், மடம், பட்டம் வந்தன. காலைச் சேர்த்ததும் பாடம், மாடம் வந்தன. இகரக் குறியைச் சேர்த்ததும் படி, மாடி, பாட்டி வந்தன. எல்லாம் அவள் காதில் முன்பே உள்ள சொற்கள். பிறகு அவள் வாயால் சொன்னதையே எழுதிக் கொடுத்தோம். "எங்க ஆயா கீரைக்கட்டு எடுத்துக்கினு சந்தைக்குப் போவுது" என்று அவள் சொன்ன சொல் மாறாமல் எழுதினோம். அவள் அதைப் படித்தாள். அதன்கீழ், "எங்கள் ஆயா கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார்" என்று நூல்வழக்கில் எழுதினோம். அதையும் படித்தாள். இரண்டும் ஒன்றே என்று கண்டுகொண்டாள்.

ஆங்கிலத்தை நிறுத்திவிட்டோமா? இல்லை. புத்தகத்தை மட்டும் மூடி வைத்தோம். நாள்தோறும் 10 நிமிடம், கதவைத் திற, சுண்ணக்கட்டி கொண்டு வா, உன் பெயர் என்ன, இன்று என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் சொல்லியும் செய்தும் காட்டினோம். தீபாவளிக்குள் தமிழில் சிறு வாக்கியங்களைப் படித்தாள். பொங்கலுக்குப்பின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைப் படித்துக் கதை சொன்னாள். அதன்பிறகே ஆங்கில எழுத்தைத் திறந்தோம். பூனை, பாய், எலி ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்கள் மூன்றும் ஒரே முடிவுடையவை. முதல் எழுத்து ஒன்றே மாறும். அதைக் காட்டியதும் அவ்வகைச் சொற்களைச் சில நாள்களிலேயே தானாகக் கூட்டினாள். எழுத்தைக் கூட்டினால் சொல் வரும், சொல்லுக்குப் பொருள் இருக்கும் என்பதைத் தமிழில் கற்றுவிட்டாள் அல்லவா? அதை மறுமுறை கற்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் வகுப்பின் இறுதியில் பழைய நாய்க் கதையை மீண்டும் கொடுத்தோம். முன்னைவிட மெதுவாகவே படித்தாள். ஆனால் நடுவில் நின்று, "சார், நாய் எப்பிடி சார் கயித்தப் புடிச்சிக்கும்?" என்று கேட்டாள். அக்கேள்விதான் எமக்கு வேண்டியிருந்தது. முழு வெற்றி என்று சொல்லமாட்டோம். ஆங்கிலத்தில் தானாக நான்கு வரி எழுதும்போது, தமிழில்போல வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துவிடுவாள். அது இன்னும் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் காரியம்.

கணக்கில் தமிழ் தரும் துணை

கணக்குப் பாடத்தைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினாறு என்னும் சொல்லுக்குள் பத்தும் ஆறும் இருக்கின்றன. இருபத்தொன்று என்னும் சொல்லுக்குள் இருபதும் ஒன்றும் இருக்கின்றன. 11, 12 ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களில் பத்து என்பது காதில் விழுவதில்லை. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் போன்ற விலக்குகள் உண்டு. அவை சிலவே.

பின்னத்தைக் கவனியுங்கள். கால், அரை, முக்கால் என்று கடையில் கேட்டு வாங்கும் பிள்ளைக்குப் பின்னம் புதிதன்று. முக்கால் என்றால் மூன்று கால் என்று அச்சொல்லே கூறுகிறது. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதை எண்ணெய் அளந்து வாங்கிய பிள்ளை அறிந்திருக்கிறது. இவ்வாறு தமிழில் தெளிந்த கருத்துக்குப் பின்னாளில் ஆங்கிலப் பெயரைச் சூட்டுவது எளிது. பெயரை முதலில் கற்று, கருத்துக்காகக் காத்திருப்பது கடினம்.

எது தாய்மொழி?

இனி நம் மனத்தை உறுத்தும் ஒரு செய்திக்கு வருகிறோம். தாய்மொழி என்று நூலில் எழுதுகிறோம். நம் வீட்டில் பேசுவதோ 'வூடு', 'கீது', 'இட்டாந்தான்'. புத்தகத்தில் இருப்பது 'வீடு', 'இருக்கிறது', 'அழைத்து வந்தான்'. பேச்சுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உண்டு. 'வந்துட்டான்' என்று பேசுகிற எவரும் 'வந்துவிட்டான்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஏளனத்துக்கு உள்ளாவது நம் தெருப் பேச்சுதான். முதல் வகுப்பில் வாய் திறந்த பிள்ளையைப் பார்த்து, "இது என்ன பேச்சு?" என்று ஆசிரியரே சிரித்தால், அப்பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் வாய் திறவாது. பேசாத பிள்ளைக்கு எழுத்தும் வராது. நம் தலைமுறையில் இதைப் பட்டவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள்.

வீட்டுப் பேச்சு பிழையன்று. முதலில் அதை ஏற்க வேண்டும். பின் நூல்வழக்கை அதன் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். மேற்சொன்ன சிறுமிக்கு நாங்கள் இரண்டு வரியாக எழுதிக் காட்டியது இதற்காகவே. வீட்டில் ஒன்று, எழுதும்போது ஒன்று என இரண்டையும் இடமறிந்து ஆளும் பிள்ளை, மூன்றாவதாக ஆங்கிலத்தையும் அவ்வாறே ஆளக் கற்கும்.

அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு. அப்பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாம் மொழி. இதை அறியாமல், ஒன்றும் புரியாத பிள்ளை என்று ஆசிரியர் குறித்துவிடுவதுண்டு. அத்தகைய பெற்றோர் சேர்க்கையின்போதே, "எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம்" என்று ஆசிரியரிடம் கூற வேண்டும். முதல் சில மாதங்கள் அப்பிள்ளை தெலுங்கில் விடை சொன்னாலும் ஏற்றுக்கொண்டு, தமிழை முதலில் காதுவழி ஊட்ட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே இருமொழிப் பாதையில் அடி வைத்திருக்கிறது.

ஆங்கிலம் எப்போது, எப்படி?

"அப்படியானால் ஆங்கிலம் பிந்திவிடாதா?" என்று கேட்பீர்கள். நைஜீரியா நாட்டில் இஃபே என்னும் ஊரில் 1970இல் ஒரு சோதனை தொடங்கினர். அந்நாட்டிலும் பள்ளியில் ஆங்கிலத்துக்கே முதலிடம். தொடக்கக் கல்வியின் ஆறாண்டுகளும் எல்லாப் பாடங்களையும் யொரூபா என்னும் தாய்மொழியில் கற்பித்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் வைத்தனர். அப்பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினர், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பாடத்தை அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தினார். தமிழ்வழியில் சேர்த்தால் போதும், ஆங்கிலம் தானே வந்துவிடும் என்பது பொருளன்று. தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கிலப் பாடம் பெயரளவுக்கு நடந்தால், அந்தத் தந்தை கொண்ட ஐயம் மெய்யாகிவிடும்.

கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வியறிஞர், புதிய மொழி கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்து மற்றொன்றைக் கூறினார். பேச்சுப் பழக்கம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடங்களைப் புரிந்து எழுதும் அளவுக்கு மொழி முதிர்வதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். அவர் கண்டதோ தெருவிலும் கடையிலும் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டில். பிள்ளை இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிவிட்டதைக் கண்டு அதன் படிப்பு முதிர்ந்துவிட்டது என்று கருதலாகாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

எமது பட்டறிவில் கண்ட ஒழுங்கு வருமாறு. முதல் இரண்டு வகுப்புகளில் ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் உரியதாக இருக்கட்டும்: கட்டளைகள், பாடல்கள், சிறு உரையாடல்கள். அதே காலத்தில் தமிழ்ப் படிப்பு உறுதிப்படட்டும். மூன்றாம் வகுப்பில், காதால் முன்பே அறிந்த ஆங்கிலச் சொற்களை எழுத்தில் காட்ட வேண்டும். ஒலியால் ஒத்த சொற்களைக் கூட்டமாகக் காட்டுவது நன்று. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் கணக்கிலும் அறிவியலிலும் தமிழ்க் கலைச்சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் இணைத்துத் தர வேண்டும். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தமிழில் விளங்கிய பிள்ளைக்குப் போட்டோசிந்தசிஸ் என்பது இன்னொரு பெயர்தான். இந்த இணைப்பு இல்லாமல் ஆறாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலவழிக்கு மாற்றினால், தமிழில் நன்றாகப் படித்த பிள்ளையும் ஓராண்டு தவிக்கும்.

தமிழில் கற்ற எல்லாமே ஆங்கிலத்துக்குக் கடந்து செல்லுமா? செல்லாது. எழுத்தைக் கூட்டும் திறன், கதையின் கருத்தைப் பிடிக்கும் திறன், அடுத்து என்ன வரும் என்று எண்ணிப் படிக்கும் பழக்கம் ஆகியவை கடந்து செல்லும். சொல்வளம், எழுத்துக்கூட்டு, சொற்கள் வாக்கியத்தில் நிற்கும் வரிசை ஆகியவற்றைத் தனியாகவே கற்பிக்க வேண்டும். அதற்கு நல்ல ஆங்கில ஆசிரியர் தேவை.

பெற்றோர் கண்டறிவது எப்படி?

ஆங்கிலவழியில் முன்பே சேர்த்துவிட்டவர்கள் அஞ்ச வேண்டாம். பயிற்று மொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. உரிமை நம் கையில் இருக்கையில், பிள்ளையின் நிலையை அறியும் பொறுப்பும் நம்மைச் சேர்கிறது. நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் பின்வரும் மூன்றையும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, வகுப்பில் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து நான்கு வரி படிக்கச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். படித்தபின், என்ன நடந்தது என்று வீட்டுப் பேச்சில் கேளுங்கள். கதை வந்தால் படிப்பு இருக்கிறது. ஒலி மட்டும் வந்தால் படிப்பு இன்னும் தொடங்கவில்லை.

இரண்டாவது, பிள்ளை வேகமாகப் படிக்கும் பக்கத்தில் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்திலிருந்து ஓடிவந்தால்தான் அச்சொல் வருமென்றால், அது கண்ணால் படிக்கவில்லை, மனப்பாடத்தைச் சொல்கிறது.

மூன்றாவது, புத்தகக் கணக்கு ஒன்றை ஆசிரியரிடமோ பக்கத்து வீட்டு இளைஞரிடமோ கேட்டு நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள். காதால் கேட்டால் விடை வருகிறது, படித்தால் வரவில்லை என்றால், குறை கணக்கில் இல்லை, மொழியில் இருக்கிறது. கூடுதல் கணக்கு டியூஷன் அதைத் தீர்க்காது.

இவற்றில் குறை கண்டால் பள்ளியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நாள்தோறும் 20 நிமிடம் தமிழ்ப் படிப்பு வீட்டிலோ நம் கழகத்தின் மாலை வகுப்பிலோ நடக்கட்டும். கழகத்தின் இளைஞர்கள் இதை மேற்கொள்ள வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். மூன்று எழுத்தும் இரண்டு குறியும் கொண்டு தொடங்கலாம் என்பதை மேலே கண்டோம். பிள்ளை சொல்வதை எழுதிக் கொடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தபின், வீட்டிலும் ஆங்கிலம் பேசுமாறு சில பள்ளிகள் உங்களிடம் கூறுகின்றன. நமக்கு வராத மொழியில் 'கம்', 'கோ', 'ஈட்' என்று நாலு சொல் பேசுவதால், பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய நூறு சொல் நின்றுபோகிறது. உங்களுக்கு முழுதாக வரும் மொழியில் பேசுங்கள். வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் விளக்கம் சொல்லுங்கள், நீங்களும் திருப்பி "ஏன்?" என்று கேளுங்கள். காரணத்தோடு பேசிப் பழகிய பிள்ளைதான் பின்னர் எம்மொழியிலும் காரணத்தோடு எழுதும்.

செங்கற் சூளையிலிருந்து வந்த அந்தத் தந்தை தம் மகனை எம் பள்ளியில் தமிழ்ப் பிரிவில்தான் சேர்த்தார். சேர்க்கும்போது அவர் ஒன்று கேட்டுக்கொண்டார்: "தமிழ்ல போடுறேன் அய்யா. ஆனா என் புள்ளைக்கு இங்கிலீஷும் ஒழுங்கா வந்தாகணும். வரலன்னா உங்களத்தான் வந்து கேப்பேன்." ஆண்டுக்கு இருமுறை வந்து கேட்கவும் செய்தார். மகன் ஆங்கிலத்தில் படித்துக்காட்டி, அதன் பொருளைத் தம்மிடம் சொல்லும்வரை அவர் எழுந்து போகமாட்டார். நம் பெற்றோர் அனைவரும் எல்லாப் பள்ளியிலும், எல்லா ஆசிரியரிடமும் அவ்வாறே வந்து கேட்க வேண்டும்.